முறுக்கி விட்ட ஷாஃப்டுக்குள் மிச்சம் இருப்பது என்ன?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு லேத் பட்டறைக்கு ரிப்பேருக்கு வந்த ஷாஃப்ட் இது. வடசென்னைப் பக்கம் ஒரு ஆலையில், ரெசின் கலக்கும் தொட்டியின் கலக்கியைச் சுற்றும் ஷாஃப்ட். விட்டம் 50 மிமீ. மேலே கியர்பாக்ஸோடு சேரும் இடத்தில் ஒரு கீவே, அதாவது கீ உட்காரும் பள்ளம், கீழே கலக்கி ஹப் உட்காரும் இடத்தில் ஒரு கீவே. இரண்டுக்கும் நடுவே 1 மீட்டர். ஒரு பேட்ச் தொட்டிக்குள்ளேயே கெட்டியாகிப் போய்க் கலக்கி சிக்கிக்கொண்டது. ஓவர்லோட் ரிலே விழுவதற்குள் மோட்டார் தன் முழுப் பலத்தையும் ஷாஃப்டின் மேல் போட்டுவிட்டது.

வெளியே எடுத்துப் பார்த்தால் விரிசல் இல்லை, வளைவும் இல்லை. ஒரே ஒரு குறைதான். வரைபடத்தின்படி ஒரே கோட்டில் இருக்க வேண்டிய இரண்டு கீவேக்களும் விலகியிருந்தன. வி பிளாக்கில் வைத்து, டயல் கேஜ் போட்டுப் பார்த்ததில் விலகல் 3 டிகிரி. ஷாஃப்டின் பரப்பில் அது சுமார் 1.3 மிமீ.

ஆலைக்காரர்கள் கேட்டது சாதாரணக் கேள்வி. கீழே உள்ள கீவேயை வெல்டு வைத்து அடைத்து, சரியான இடத்தில் புதிதாக வெட்டிக் கொடுத்தால் திரும்பப் போட்டு ஓட்டலாமா? பட்டறை ஃபோர்மேன் இன்னொரு யோசனை சொன்னார்: "மேல்பரப்பு அடிபட்டிருக்கும் சார். 44 மிமீக்குக் கடைஞ்சு, புது கீவே போட்டு, புஷ் வெச்சுக் கொடுத்திடலாம்." இரண்டு யோசனைகளும் அந்த 3 டிகிரியை வெறும் கோணப் பிழையாகத்தான் பார்க்கின்றன. உண்மையில், ஷாஃப்டுக்குள் பூட்டிக் கிடக்கும் தகைவுகளில் வெளியே தெரியும் பகுதிதான் அந்த 3 டிகிரி.

சிக்கிய நேரத்தில் உள்ளே நடந்ததிலிருந்து தொடங்குவோம். உருண்டை ஷாஃப்டை முறுக்கும்போது மையத்தில் திரிபு சுழி. அங்கிருந்து வெளியே போகப் போக நேர்கோட்டில் கூடி, பரப்பில் உச்சத்தைத் தொடும். யீல்டுக்குள், அதாவது எஃகு நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் எல்லைக்குள் இருக்கும்வரை, தகைவும் அதே நேர்கோட்டில் போகும். இந்த ஷாஃப்ட் சூடாக உருட்டிய மைல்டு ஸ்டீல். அதன் இழுவை யீல்டு சுமார் 260 மெகாபாஸ்கல். அதை 3-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் சறுக்கு யீல்டு 150 மெகாபாஸ்கல் வருகிறது. சறுக்குக் குணகத்தை 80,000 மெகாபாஸ்கல் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பரப்பில் தகைவு 150-ஐத் தொடும்போது டார்க் 3.68 கிலோநியூட்டன் மீட்டர். அப்போது 1 மீட்டர் நீளத்துக்கு முறுக்கக் கோணம் 0.075 ரேடியன், அதாவது 4.3 டிகிரி. இதுவரை விட்டால் முழுதாகத் திரும்பிவிடும். இதற்கு மேல் முறுக்கினால் வெளி அடுக்கு யீல்டாகத் தொடங்கும். அங்கே தகைவு 150-க்கு மேல் ஏறாது, திரிபு மட்டும் ஏறும். யீல்டான பகுதி வெளியிலிருந்து உள்ளே பரவும். நடுவில் இன்னும் மீள்நிலையிலேயே இருக்கும் ஓர் உருளை மிஞ்சும். அந்த மீள் உள்கருவின் ஆரத்தை ρy என்றும், ஷாஃப்டின் ஆரத்தை c என்றும் வைப்போம். τy சறுக்கு யீல்டு, G சறுக்குக் குணகம், L நீளம், Ty யீல்டு தொடங்கும் டார்க், T முறுக்கிய டார்க், φ முறுக்கிய கோணம். தேவையான சமன்பாடுகள் இவ்வளவுதான்:

```
Ty = (π/2)·c³·τy
T  = (4/3)·Ty·[1 − (1/4)·(ρy/c)³]
φ  = τy·L / (G·ρy)
```

சிக்கிய நேரத்தில் டார்க் எவ்வளவு இருந்தது என்று யாரும் அளக்கவில்லை. நம்மிடம் இருப்பது விட்ட பிறகு மிஞ்சிய 3 டிகிரி மட்டும். அதிலிருந்து பின்னோக்கிப் போகலாம். டார்க்கை விடும்போது ஷாஃப்ட் முழுவதும் மீள்நிலையில்தான் திரும்புகிறது. யீல்டான வெளி அடுக்கும் அப்படித்தான். ஆகவே திரும்பும் கோணம் T/Ty என்ற விகிதத்தை 4.3 டிகிரியால் பெருக்கியது. முறுக்கிய கோணத்திலிருந்து திரும்பிய கோணத்தைக் கழித்தால் மிஞ்சிய கோணம். அது 3 டிகிரியாக வரும்வரை உள்கரு ஆரத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தால் விடை 12.5 மிமீயில் வந்து நிற்கிறது. அதாவது மொத்த ஆரத்தில் சரிபாதி.

அந்த ஆரத்துக்குச் சிக்கிய நேர டார்க் 4.76 கிலோநியூட்டன் மீட்டர். முறுக்கிய கோணம் 8.6 டிகிரி, திரும்பியது 5.55 டிகிரி, மிச்சம் 3.04 டிகிரி. இந்த டார்க் நம்பும்படியானதா என்று மோட்டாரை வைத்துச் சரிபார்த்தேன். மோட்டார் 15 கிலோவாட், கியர்பாக்ஸுக்குப் பிறகு நிமிடத்துக்கு 60 சுற்று. அதன் நிர்ணயித்த டார்க் 2.39 கிலோநியூட்டன் மீட்டர். இந்த வகை இண்டக்ஷன் மோட்டார் நின்றுபோவதற்கு முன் நிர்ணயித்ததைப் போல இரண்டு மடங்கு, அதற்கு மேலும்கூடக் கொடுக்கும். 4.76 என்பது ஏறக்குறைய அந்த இரண்டு மடங்கு. இரண்டு பக்கமிருந்தும் வந்த கணக்குகள் ஒத்துப்போனதால் 12.5 மிமீயை நம்பி மேலே போனேன்.

டார்க்கை விட்ட பிறகு உள்ளே என்ன இருக்கிறது? சிக்கிய நேரத்தில் 12.5 மிமீயிலிருந்து பரப்பு வரை எல்லா இடத்திலும் 150 மெகாபாஸ்கல். விடும்போது அதிலிருந்து கழிவது ஒரு நேர்கோட்டுத் தகைவு. 4.76 கிலோநியூட்டன் மீட்டரை ஷாஃப்ட் முழுக்க மீள்நிலையில் தாங்கினால் பரப்பில் 193.75 மெகாபாஸ்கல் வரும். அதைத்தான் கழிக்கிறோம். பரப்பில் 150 கழித்தல் 193.75, அதாவது எதிர்த்திசையில் 43.75. உள்கருவின் விளிம்பில் 150 கழித்தல் 96.9, அதாவது அதே திசையில் 53.1. நடுவில் 19.4 மிமீ ஆரத்தில் சுழி. மையத்திலும் சுழி.

வெளியிலிருந்து எந்த டார்க்கும் இல்லாமல் மேசைமேல் கிடக்கும் ஷாஃப்டுக்குள் இவ்வளவு தகைவு. யீல்டாகாத உள்கரு தன் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கிறது. யீல்டான வெளி அடுக்கு நிரந்தரமாக உருமாறிவிட்டதால் அது முழுதாகத் திரும்ப விடுவதில்லை. சமபலமுள்ள இரண்டு அணிகள் கயிறு இழுப்பது போல இரண்டும் ஒரு நடுநிலையில் நிற்கின்றன. அந்த நடுநிலைதான் 3 டிகிரி. 19.4 மிமீக்கு உள்ளே இருக்கும் தகைவுகள் ஒரு பக்கம் தரும் டார்க்கும், வெளியே இருப்பவை மறுபக்கம் தரும் டார்க்கும் சரியாக ஒன்றையொன்று ரத்து செய்ய வேண்டும். எந்தக் கணக்கைப் போட்டாலும் இந்தச் சரிபார்ப்பை விடக்கூடாது. கூட்டுத்தொகை சுழியாக வரவில்லை என்றால் எங்கோ தப்பு இருக்கிறது என்று பொருள்.

இனி ஆலைக்காரர்களின் கேள்வி. அப்படியே திரும்பப் போட்டால் என்ன ஆகும்? அதே திசையில் ஓட்டினால் நல்லதுதான் நடக்கிறது. நிர்ணயித்த டார்க்கில் புது ஷாஃப்டின் பரப்பில் 97 மெகாபாஸ்கல் இருக்கும். இந்த ஷாஃப்டின் பரப்பிலோ எஞ்சிய 43.75 எதிராக நிற்பதால் சுமார் 54 மட்டுமே. உச்சத் தகைவு பரப்பை விட்டு உள்ளே, 12.5 மிமீ ஆரத்துக்குப் போய்விடுகிறது. அங்கே சுமார் 102. மறுபடி யீல்டாகத் தொடங்க 3.68 போதாது, 4.76 வேண்டும். ஒரு முறை முறுக்கப்பட்ட ஷாஃப்ட் அந்தத் திசையில் 29 சதவீதம் கூடுதலாகத் தாங்குகிறது.

இது தற்செயலாகக் கிடைத்த லாபம் என்றாலும், தெரிந்தே செய்கிற வேலையும் இதுதான். டார்ஷன் பார் சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளில் பாரை வண்டியில் பூட்டுவதற்கு முன்பே யீல்டைத் தாண்டி முறுக்கி விடுவார்கள். நம் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவான டி-72 வகை டாங்குகள் டார்ஷன் பாரில் நிற்பவைதாம். முன்முறுக்கிய பாரில் இடது, வலது என்று அடையாளம் போட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. அந்த லாபம் ஒரு திசைக்கு மட்டும்தான். மாற்றிப் பூட்டினால் அதுவே நஷ்டம்.

நம் ஷாஃப்டின் சிக்கல் அங்கேதான் இருந்தது. ஆலையின் ஆபரேட்டரிடம் நான் முதலில் கேட்டது ஒன்றுதான்: "கலக்கி சிக்கினா ரிவர்ஸ் போடுவீங்களா?"

"போடுவோம் சார். கெட்டியானா முன்னும் பின்னும் ஆட்டித்தான் எடுப்போம். கழுவும்போதும் ரிவர்ஸ்தான்."

ரிவர்ஸில் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. பரப்பில் ஏற்கனவே 43.75 எதிர்த்திசையில் இருக்கிறது. நிர்ணயித்த டார்க் அதன் மேல் இன்னும் 97 சேர்க்கும். மொத்தம் 141. யீல்டு 150. இது சீராக ஓடும்போது. மோட்டார் நேரடியாக லைனில் ஸ்டார்ட் ஆகும் வகை. ஸ்டார்ட் ஆகும்போது நிர்ணயித்ததைப் போல ஒன்றரை மடங்கு டார்க் வந்தால் அது 3.58 கிலோநியூட்டன் மீட்டர். புது ஷாஃப்ட் அதை எந்தத் திசையிலும், கொஞ்சம் நெருக்கமாக என்றாலும், மீள்நிலையிலேயே தாங்கும். இந்த ஷாஃப்ட் ரிவர்ஸில் தாங்குவது 2.61 மட்டும். இரண்டு திசைகளுக்குமாக மீள்நிலையில் இருக்கும் மொத்த வீச்சு மாறவில்லை, அது 3.68-இன் இரு மடங்கு, 7.36. முன்பு நடுவில் இருந்த அந்த வீச்சு இப்போது ஒரு பக்கமாக நகர்ந்துவிட்டது. முன்பக்கம் 4.76 ஆகக் கூடியதால் பின்பக்கம் 2.61 ஆகக் குறைந்தது.

முதல் ரிவர்ஸ் ஸ்டார்ட்டிலேயே பரப்பு எதிர்த்திசையில் யீல்டாகும், ஷாஃப்ட் கொஞ்சம் பின்னோக்கி முறுக்கிக்கொள்ளும், புதிதாக வெட்டிய கீவே மறுபடி விலகும். ஷாஃப்ட் உடனே உடைந்துவிடாது. ஆனால் சரியாக வெட்டிக் கொடுத்த கீவே ஒரே வாரத்தில் விலகினால், பழி கீவே வெட்டியவர் மேல்தான் விழும். அதோடு, எஃகை ஒரு திசையில் யீல்டாக்கிய பிறகு எதிர்த்திசையில் அதன் யீல்டு குறைந்துவிடும். பௌசிங்கர் விளைவு என்று சொல்வார்கள். நம் கணக்கு அந்தக் குறைவைச் சேர்க்கவில்லை. ஆகவே 2.61 என்பதும் நிஜத்தில் கிடைப்பதைவிடக் கூடுதலான எண்தான்.

அடுத்தது ஃபோர்மேனின் யோசனை, 44 மிமீக்குக் கடைவது. பார்க்கப் பாதுகாப்பாகத் தெரியும். ஆனால் கடைசலில் உரிந்து போகும் 3 மிமீ அடுக்கில்தான் எதிர்த்திசைத் தகைவு அதிகம். அந்த அடுக்கு சுமந்துகொண்டிருந்த எதிர் டார்க் 0.34 கிலோநியூட்டன் மீட்டர். அதை எடுத்துவிட்டால் உள்ளே மிஞ்சும் பகுதியின் டார்க்கைச் சமன் செய்ய யாரும் இல்லை. ஷாஃப்ட் தானாகவே பின்னோக்கிச் சுழன்று புதிய நடுநிலையைத் தேடும். கணக்கின்படி அந்தச் சுழற்சி 0.66 டிகிரி. 3.04 டிகிரி 2.38 ஆகிவிடும்.

கடையும் முன்பே கோணத்தை அளந்து, அதை நம்பிக் கீவே வெட்டினால், 22 மிமீ ஆரத்தில் சுமார் கால் மில்லிமீட்டர் தள்ளிப் போயிருக்கும். 44 மிமீ ஷாஃப்டுக்கு 12 மிமீ அகலக் கீ. அதன் பொருத்தத்தில் சகிப்பு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குதான். இரண்டு ஹப்களும் ஒரே கோணத்தில் உட்கார வேண்டிய வேலையில் இந்தக் கால் மில்லிமீட்டரை எந்தச் சுத்தியலாலும் சரிசெய்ய முடியாது.

ஃபோர்மேன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "கடையறதால ஷாஃப்ட் சுத்துமா சார்?" என்று கேட்டார். நியாயமான சந்தேகம். ஷாஃப்டைத் திரும்பப் போடுவதில்லை என்று அதற்குள் முடிவாகியிருந்ததால், அதையே கடைந்து பார்த்துவிடலாம் என்றார் பட்டறை முதலாளி. இரண்டு முனை முகங்களிலும் விட்டத்தின் குறுக்கே நேர்கோடு கீறினோம். கீவேயை நம்பி அளக்கக்கூடாது. கடையக் கடைய அதன் விளிம்பே போய்விடும். மெல்லிய வெட்டுகளாக, சூடேறாமல், கூலன்ட் ஊற்றிக் கடைய வைத்தேன். ஒவ்வொரு கட்டத்திலும் லேத்திலிருந்து இறக்கி, வி பிளாக்கில் வைத்து, ஒரு முனைக் கோட்டைச் சமதளமாக்கி, மறுமுனைக் கோட்டின் இரு நுனிகளின் உயர வித்தியாசத்தைப் பார்த்தோம். சக்கில் பிடித்தபடியே அளந்தால் பிடிப்பின் இறுக்கம் கோணத்தில் கலந்துவிடும்.

44 மிமீயில் கோணம் அரை டிகிரிக்கு மேல் குறைந்திருந்தது. கணக்குச் சொன்னதற்குப் பக்கத்தில்தான். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது அடுத்து வந்த கட்டங்கள். விட்டம் குறையக் குறையக் கோணமும் குறைந்துகொண்டே போனது. கொள்கைப்படி 25 மிமீ விட்டத்துக்கு வரும்போது மிஞ்சுவது, யீல்டையே பார்க்காத அந்த உள்கரு மட்டும். அதைப் பிடித்து வைக்க வெளி அடுக்கு இல்லாததால் அது முழுதாகத் திரும்பி, கோணம் சுழியாகிவிட வேண்டும். நாங்கள் 30 மிமீயோடு நிறுத்திக்கொண்டோம். மெல்லியதான ஷாஃப்ட் டூலுக்கு வளைய ஆரம்பித்ததும், அளவில் நம்பிக்கை போய்விட்டது. அந்த விட்டத்தில் கணக்கின்படி மிஞ்ச வேண்டியது 1 டிகிரிக்கும் குறைவு. எங்கள் அளவும் 1 டிகிரிக்குக் கீழேதான் நின்றது. இரண்டு முனைக் கோடுகளும் கண்ணுக்கே ஏறக்குறைய ஒன்றாகத் தெரிந்தபோது ஃபோர்மேன் மறுபடி ஒரு முறை தானே அளந்து பார்த்தார்.

இந்தக் கணக்கை எங்கே நம்பலாம், எங்கே கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். யீல்டுக்குப் பிறகு தகைவு அப்படியே தட்டையாக இருக்கும் என்று வைத்துக்கொண்டோம். சூடாக உருட்டிய மைல்டு ஸ்டீலுக்கு இது பொருந்தும். சிக்கிய நேரத்தில் நம் ஷாஃப்டின் பரப்பில் சறுக்குத் திரிபு 0.375 சதவீதம் மட்டுமே. அந்த எஃகின் தட்டையான பகுதி இதைவிட நன்றாகவே நீண்டு போகும். பிரைட் பாராக இழுத்த ஷாஃப்டிலோ, ஹீட் ட்ரீட் செய்த அலாய் ஸ்டீலிலோ அந்தத் தட்டையான பகுதி இருக்காது. அங்கே தகைவு-திரிபு வரைகோட்டை அப்படியே எடுத்து ஆரம் ஆரமாகக் கூட்ட வேண்டும். கழிக்கும் பகுதி மட்டும் அப்போதும் நேர்கோடுதான், எதிர் யீல்டு வராதவரை.

மைல்டு ஸ்டீலிலேயே இன்னொரு சங்கடம் உண்டு. யீல்டு நீளம் முழுவதும் ஒரே சீராகத் தொடங்காது, பட்டை பட்டையாகப் பரவும். 1 மீட்டரில் 3 டிகிரி என்று அளந்தாலும், அதில் பெரும்பகுதி ஒரு 300 மிமீ துண்டிலேயே ஒளிந்திருக்கலாம். அப்படியானால் அங்கே உள்கரு 12.5-ஐ விடச் சிறியதாக இருக்கும். ஷாஃப்ட் போடும்போதே நீளவாக்கில் ஒரு மெல்லிய கோடு கீறி வைத்திருந்தால், பின்னால் அது சீரான சுருளாக இருக்கிறதா, ஓரிடத்தில் மட்டும் வேகமாகத் திரும்புகிறதா என்று பார்த்துச் சொல்லிவிடலாம். கீவேயின் மூலைகளைப் பற்றி இந்தக் கணக்கு எதுவும் சொல்லாது. அங்கே தகைவு குவிவதால் யீல்டும் முன்பே வந்திருக்கும். விரிசல் தேடுவதானால் டை பெனட்ரன்ட்டை முதலில் அங்கேதான் போட வேண்டும்.

எஞ்சிய தகைவை நேரடியாக அளக்க எக்ஸ்ரே முறை இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். இருக்கிறது. ஆனால் திசை தவறினால் ஒன்றுமே தெரியாது. பரப்பில் இருப்பது தூய சறுக்கு. ஷாஃப்டின் நீளவாக்கிலும் சுற்றுவாக்கிலும் அதன் நேர்த்தகைவு சுழி. 45 டிகிரி சாய்வில் பார்த்தால்தான் ஒரு பக்கம் 43.75 இழுவையும், அதற்குச் செங்குத்தாக 43.75 அமுக்கமும் தெரியும். நீளவாக்கில் மட்டும் அளந்து "எஞ்சிய தகைவு இல்லை" என்று வரும் அறிக்கை இந்த ஷாஃப்டுக்குச் செல்லாது.

ஷாஃப்டைச் சூடேற்றித் தகைவை நீக்கிவிட்டுப் போடலாமே என்ற யோசனையும் வந்தது. 600 டிகிரி செல்சியஸ் பக்கம் வைத்து மெதுவாக ஆறவிட்டால் எஞ்சிய தகைவு பெரும்பாலும் போய்விடும், இரண்டு திசைகளிலும் தாங்கும் திறன் மறுபடி சமமாகும். ஆனால் 3 டிகிரி அப்படியே இருக்கும், கூடவே வளைவும் வரலாம். கீவே வெட்டும் வேலை மிச்சமாகாது. 50 மிமீ மைல்டு ஸ்டீல் ஷாஃப்டுக்கு அந்தச் செலவில் புதியதையே கடைந்துவிடலாம். வெளிநாட்டிலிருந்து வர ஆறு மாதம் ஆகும் ஷாஃப்டாக இருந்தால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

ஆலைக்குச் சொன்னது இதுதான். ரிவர்ஸை அறவே நிறுத்த முடியும் என்றால் பழைய ஷாஃப்டையே கீவே மாற்றிப் போட்டிருக்கலாம். அவர்கள் வேலைமுறையில் அது நடக்காது. ஆகவே அதே எஃகில், அதே அளவில் புது ஷாஃப்ட். நேரடி ஸ்டார்ட்டுக்குப் பதில் டிரைவ் வைத்து, டார்க்கை நிர்ணயித்ததில் 125 சதவீதத்தோடு, அதாவது சுமார் 3 கிலோநியூட்டன் மீட்டரோடு நிறுத்துவது. திடீரென்று சிக்கும்போது மோட்டார் ரோட்டரின் சுழற்சி வேகத்தால் வரும் அடியை டிரைவ் தடுக்காது. அதற்குக் கியர்பாக்ஸுக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே 3.3 கிலோநியூட்டன் மீட்டரில் அறுபடும் ஷியர் பின் கப்ளிங். 3.3 என்பது யீல்டு தொடங்கும் 3.68-இல் ஏறக்குறைய 90 சதவீதம். புது ஷாஃப்டில் கீவேக்கள் வெட்டிய அன்றே நீளவாக்கில் ஒரு கோடும் கீறி அனுப்பினார் ஃபோர்மேன்.